2,40,000 காயின் சுவர்: 788 USDT விற்பனையில் சரிந்த ஒரு சந்தை

ஒரே ஒரு எக்ஸ்சேஞ்சில் மட்டும் வர்த்தகமாகும் சின்னக் கிரிப்டோ காயின் ஒன்றில் என் ஸ்டாப்-லாஸ் எப்படி நிறைவேறியது என்பதை நொடிக்கு நொடி பிரித்துப் பார்த்ததன் பதிவு இது. காயினின் பெயரையும் எக்ஸ்சேஞ்சின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆர்டர் போட்டவர் யார் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரியாமல் ஒருவர்மீது பழி போடுவது சரியல்ல. நடந்த விதம்தான் முக்கியம். ஒற்றை எக்ஸ்சேஞ்ச் காயின் எதை எடுத்தாலும் இது நடக்கலாம்.

என் கையில் 50,000 காயின் இருந்தது. முதல் 20,000 காயினைச் சராசரியாக 0.0385 USDT விலையில் சில வாரங்களுக்கு முன்பே வாங்கியிருந்தேன். மீதி 30,000 காயினை, சம்பவத்துக்கு முந்தைய நாள் மாலையில், சராசரி 0.0431-க்கு வாங்கினேன். மொத்த முதலீடு 2,063 USDT. இரண்டாவது முறை வாங்கியதற்கு ஒரே காரணம்தான்: பிட் பக்கத்தில், அதாவது வாங்கக் காத்திருக்கும் ஆர்டர்களின் வரிசையில், நின்ற ஒரு பெரிய சுவர். எந்த நேரத்தில் திரையைப் பார்த்தாலும் 2,40,000 காயின் வாங்க ஒருவர் காத்திருந்தார். கீழே அவ்வளவு பெரிய ஆதரவு இருக்கும்போது விலை எங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்தச் சுவர் 0.0410-இல் நின்றது. அதற்குச் சற்றுக் கீழே, 0.0408-இல், 50,000 காயினுக்கும் ஸ்டாப்-லாஸ் வைத்தேன். விலை அதைத் தொட்டால் மார்க்கெட் ஆர்டராக, கிடைக்கும் விலைக்கு உடனே விற்கும் வகை. என் கணக்கு இப்படி ஓடியது: 0.0408-இல் ஒரு வர்த்தகம் நடக்க வேண்டுமானால் அதற்கு முன் யாராவது 2,40,000 காயினைச் சுவரின் மேல் கொட்டியாக வேண்டும். அவ்வளவு பெரிய விற்பனை வந்தால் நானும் வெளியேறுவதே சரி. வராவிட்டால் ஸ்டாப் சும்மா இருக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவரை உடைத்துத்தான் கீழே போக முடியும் என்ற அனுமானம் இதற்குள் ஒளிந்திருந்தது. சுவரை எழுப்பியவரே அதை எடுத்துவிடலாம் என்பது என் கணக்கில் வரவே இல்லை.

அன்று இரவு 9:41-க்கு ஆர்டர் புக்

நல்லவேளையாக என்னிடம் பதிவு இருந்தது. அந்த எக்ஸ்சேஞ்சின் ஏபிஐ வழியாக நொடிக்கு ஒரு முறை ஆர்டர் புக்கின் மேல் வரிசைகளை எழுதி வைக்கும் சின்ன நிரல் ஒன்றை வேறு ஒரு தேவைக்காக இரண்டு நாளாக ஓடவிட்டிருந்தேன். சரிவுக்குப் பிறகுதான் அதைத் திறந்து பார்த்தேன். 21:41:07 மணிக்குப் பிட் பக்கம் இப்படி இருந்தது. இடப்பக்கம் விலை, வலப்பக்கம் காயின் எண்ணிக்கை.

```
0.0420     3,100
0.0419     1,800
0.0417     4,500
0.0415     2,600
0.0412     5,000
0.0410  2,40,000
0.0402     3,500
0.0391     4,000
0.0380     6,000
0.0362     5,000
0.0350     9,500
0.0330    11,000
0.0310    20,000
```

விற்கக் காத்திருப்பவர்கள் நிற்கும் ஆஸ்க் பக்கத்தின் முதல் விலை 0.0424. அதாவது ஸ்பிரெட் மட்டுமே ஏறக்குறைய 1%. வாங்கிய கையோடு விற்றாலே அவ்வளவு போய்விடும். சந்தை மெலிந்திருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம் இதுதான். நான் அதைப் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது 2,40,000 வரியை விரலால் மறைத்துவிட்டு மற்ற வரிகளைப் பாருங்கள். 0.0412 வரை உள்ள ஐந்து வரிகளையும் கூட்டினால் 17,000 காயின், பணமாகப் பார்த்தால் 707 USDT. அதற்குக் கீழே விலைகளுக்கு இடையே பெரிய பெரிய ஓட்டைகள். 0.0412-க்கு அடுத்த உண்மையான பிட் 0.0402-இல்தான். அங்கிருந்து 0.0391, பிறகு 0.0380, அதன் பிறகு 0.0362. படிக்கட்டில் பாதிப் படிகள் இல்லாத மாதிரி.

திரையில் வரும் டெப்த் வரைபடத்தில் இந்த ஓட்டைகள் தெரியவே தெரியாது. அந்த வரைபடம் அளவுகளைக் கூட்டிக்கொண்டே போய் வரைகிறது. 2,40,000 வரும் இடத்தில் கோடு செங்குத்தாக எழும். அதற்கேற்ப அளவுகோல் மாறிவிடுவதால் மற்ற வரிகள் எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குப் படுவது ஒரு மலை மட்டும். அந்த மலையை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன என்று வரைபடம் சொல்லாது.

வர்த்தக அளவும் என்னை ஏமாற்றியது. 24 மணி நேர வால்யூம் 3,80,000 USDT என்று எக்ஸ்சேஞ்ச் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தால் 2,000 USDT மதிப்புள்ள என் காயின்கள் ஒரு பொருட்டே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் வால்யூம் என்பது கடந்து போனதன் கணக்கு. நான் விற்கும்போது எனக்கு எதிரே நிற்பது டெப்த், அதாவது அந்த நேரத்தில் புக்கில் காத்திருக்கும் ஆர்டர்களின் அளவு மட்டுமே. நடு விலையான 0.0422-இலிருந்து 2% கீழே வரை எண்ணினால் அன்று நின்ற பிட் முழுவதும் 12,000 காயின், 501 USDT. நாளொன்றுக்கு 3,80,000 கைமாறுவதாகச் சொல்லும் சந்தையில் 2%-க்குள் 500 மட்டும் நிற்கிறது என்றால் அந்த வால்யூமையே சந்தேகிக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு கணக்குகளை வைத்துத் தனக்குத் தானே விற்று வாங்கினால் வால்யூம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். டெப்த் ஒரு காயின்கூட ஏறாது.

28 நொடிகள்

21:43:30-க்கு முதல் விற்பனை வந்தது. 9,400 காயின், மார்க்கெட் ஆர்டர். மேலிருந்த மூன்று பிட்களின் கூட்டுத்தொகை சரியாக 9,400. அவை மூன்றும் காலியாகி, முதல் பிட் 0.0415-க்கு இறங்கியது. சுவர் அசையவில்லை.

21:43:52-க்கு இரண்டாவது விற்பனை, 5,100 காயின். 0.0415 முழுக்கப் போனது, 0.0412-இல் பாதி போனது. சுவருக்கு முன்னால் இப்போது 2,500 காயின் மட்டுமே மிச்சம். அடுத்து யார் விற்றாலும் சுவரைத் தொட்டுவிடுவார்கள்.

21:43:53-க்கான பதிவில் 0.0410 வரியே இல்லை.

அந்த நொடிக்கும் முந்தைய நொடிக்கும் நடுவில் 0.0410 விலையில் ஏதாவது வர்த்தகம் நடந்ததா என்று நடந்த வர்த்தகங்களின் பட்டியலில் தேடினேன். ஒரு காயின்கூட அந்த விலையில் கைமாறவில்லை. 2,40,000 காயினுக்கான ஆர்டர் முழுவதும் நிறைவேறாமலே ரத்தாகியிருந்தது.

21:43:58-க்கு மூன்றாவது விற்பனை, 4,500 காயின். 0.0412-இல் மிச்சமிருந்த 2,500 போனது. அடுத்த பிட் 0.0402 என்பதால் மீதி 2,000 அங்கே விழுந்தது. நடுவில் 0.0411 முதல் 0.0403 வரை ஒரு வர்த்தகமும் இல்லை. கடைசி விலை 0.0402 ஆனதும் 0.0408-இல் இருந்த என் ஸ்டாப் விழித்துக்கொண்டது. மொத்தம் 19,000 காயின், 788 USDT-க்குக்கூட எட்டாத விற்பனை. 2,40,000 காயின் பாதுகாப்பு என்று நான் நம்பியதைத் தாண்டிவர அது போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் செய்தது என் ஆர்டரேதான். இதைத்தான் நான் வெகுநேரம் நம்ப மறுத்தேன். 50,000 காயின் மார்க்கெட் ஆர்டராக அந்த ஓட்டைப் படிக்கட்டில் இறங்கியது. 0.0402-இல் மிச்சமிருந்த 1,500, பிறகு 4,000, 6,000, 5,000, 9,500, 11,000 என்று ஒவ்வொரு வரியாகக் காலி செய்து, கடைசி 13,000 காயின் 0.0310-இல் விற்றது. கைக்கு வந்தது 1,724 USDT. சராசரி விலை 0.0345. ஸ்டாப் விலையான 0.0408-இல் விற்றிருந்தால் 2,040 வந்திருக்கும். வித்தியாசம் 316 USDT, அதாவது 15.5% ஸ்லிப்பேஜ். கட்டணம் தனி. சார்ட்டில் 0.0420-இலிருந்து 0.0310 வரை நீண்ட ஒரு சிவப்புக் கோடு விழுந்தது, 26% சரிவு. பார்க்கும் எவரும் ஏதோ கெட்ட செய்தி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். செய்தி எதுவும் இல்லை. அந்தக் கோட்டில் 0.0402-க்குக் கீழே உள்ள பகுதி முழுக்க என்னுடையது.

21:56-க்கு விலை மறுபடி 0.0405. பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

இரவே நண்பர் ஒருவருக்குப் பதிவை அனுப்பினேன். என்னைவிட இளையவர், ஆனால் சந்தைக்கு இருபுறமும் ஆர்டர் வைக்கும் நிரல்கள் எழுதிப் பழகியவர். பார்த்துவிட்டு அழைத்தார்.

“அண்ணா, அந்தச் சுவருக்கு முன்னாடி எவ்வளவு நின்னுச்சுன்னு பார்த்தீங்களா?”

“பதினேழாயிரம்.”

“அந்தப் பதினேழாயிரம்தான் அவனுக்குக் காவல். அது காலியாகாம அவன் ஆர்டரை யாரும் தொட முடியாது. நீங்க சுவரு உங்களைக் காப்பாத்துதுன்னு நினைச்சீங்க. உங்கள மாதிரி ஆளுங்க முன்னாடி வச்ச சின்னச் சின்ன பிட்டுதான் அதைக் காப்பாத்திச்சு.”

சுவருக்குப் பின்னால்

அவர் சொன்னதில் ஆர்டர் புக்கின் அடிப்படை விதி ஒன்று இருக்கிறது. அதிக விலை தர முன்வரும் பிட்டுக்கே முதல் உரிமை. விலை ஒன்றானால் முதலில் வந்த ஆர்டருக்கு முன்னுரிமை. ஆகவே முதல் பிட்டுக்குச் சற்றுத் தள்ளி ஆர்டரை வைத்தால், முன்னால் இருப்பவை தீரும்வரை அது நிறைவேறாது. ரத்து செய்யக் கட்டணமும் இல்லை. 9,840 USDT கணக்கில் முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான் செலவு. தூரம் மிகக் குறைவானால் மாட்டிக்கொள்ளும் ஆபத்து, மிக அதிகமானால் யார் கண்ணிலும் படாது. எனவே இத்தகைய சுவர் எப்போதும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியிலேயே நிற்கும், விலை நகர்ந்தால் கூடவே நகரும்.

இரண்டு நாள் பதிவில் அதைத் தேடினேன். முதல் பிட் 0.0428-இல் இருந்தபோது சுவர் 0.0418-இல். முதல் பிட் 0.0415-க்கு இறங்கியபோது சுவர் அரை நிமிடத்துக்குள் 0.0405-க்கு இடம் மாறியது. பிறகு 0.0420-க்கு ஏறியபோது 0.0410. எப்போதும் பத்து டிக், அதாவது 0.0010 தள்ளி, எப்போதும் அதே 2,40,000. சுவர் நின்ற விலையில் இரண்டு நாளில் ஒரு வர்த்தகமும் நடக்கவில்லை. வாங்கக் காத்திருப்பவர் விலை தன்னை நோக்கி வரும்போது சந்தோஷப்பட வேண்டும். இவர் ஒவ்வொரு முறையும் பின்வாங்கினார். சம்பவ இரவில் மட்டும் ஒரு வேறுபாடு: எடுத்த சுவரை உடனே கீழே மறுபடி வைக்கவில்லை. 22:20-க்குத்தான், எல்லாம் ஓய்ந்த பிறகு, அதே 2,40,000 காயின் 0.0396-இல் மீண்டும் தோன்றியது.

இந்த நடத்தை புதிதல்ல. 2010 மே 6 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்ட நாளில், லண்டனில் தன் வீட்டிலிருந்து வர்த்தகம் செய்த நவீந்தர் சராவ், எஸ்&பி 500 ஃபியூச்சர்ஸில் பெரிய விற்பனை ஆர்டர்களைச் சந்தை விலைக்குச் சில டிக் தள்ளி வைத்து, விலை நகர நகர அவற்றையும் நகர்த்தும் நிரலைப் பயன்படுத்தியிருந்தார். 2015-இல் கைதானார், 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2020-இல் அவருக்கு ஓராண்டு வீட்டுக்காவல் விதிக்கப்பட்டது. அவர் வைத்தவை விற்பனைச் சுவர்கள், நான் பார்த்தது வாங்கும் சுவர். தள்ளி வை, கூடவே நகர்த்து, தொடவரும்போது எடு என்ற முறை ஒன்றுதான். நிறைவேறும் முன்பே ரத்து செய்யும் எண்ணத்தோடு ஆர்டர் வைப்பதை அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டம் ஸ்பூஃபிங் என்று பெயர் சொல்லித் தடுக்கிறது.

எண்ணம் என்ற சொல்தான் சிக்கல். ஆர்டர் புக்கில் எண்ணம் தெரியாது, யார் வைத்தார்கள் என்பதும் தெரியாது. ரத்தான சுவர் எல்லாம் பொய்ச் சுவர் என்றும் சொல்லிவிட முடியாது. இருபுறமும் ஆர்டர் வைத்துச் சந்தையை நடத்தும் மார்க்கெட் மேக்கர், திடீர் விற்பனை வந்ததும் தன் பிட்களை எடுத்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. முதல் பிட்டிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி நிற்கும்படி எழுதிய நேர்மையான நிரலும் என் பதிவில் இதே மாதிரிதான் தெரியும். அதனால் ஒரு ரத்தை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. நொடிக்கு ஒரு முறை எடுத்த பதிவு என்பதால் ஒரு நொடிக்குள் எது முதலில், எது பிறகு என்றும் சொல்ல முடியாது.

உண்மையாகவே வாங்க நிற்கும் சுவர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். விற்பனை வந்து மோதும்போது அதன் அளவு வர்த்தகத்துக்கு ஈடாகக் குறையும். நடந்த வர்த்தகங்களின் பட்டியலில் அதே விலை வரிசையாக வரும். சில நேரம் குறைந்த அளவு மீண்டும் நிரம்பும். இன்னொன்றும் உண்டு. பெரிய அளவில் வாங்க விரும்புபவர் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார். 2,40,000 வேண்டும் என்று உலகுக்கே சொன்னால் மற்றவர்கள் அவருக்கு முன்னால் ஒரு டிக் மேலே பிட் வைத்து விலையை ஏற்றிவிடுவார்கள். அதனால் அவர் ஆர்டரைத் துண்டு துண்டாக வைப்பார், அல்லது நுனி மட்டும் வெளியே தெரியும் ஐஸ்பெர்க் ஆர்டரைப் பயன்படுத்துவார். மெலிந்த சந்தையில் முழு அளவையும் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்றால், அந்த அளவை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பதிவில் இன்னொரு தடயமும் கிடைத்தது. நான் விற்றதில் 0.0330-இல் 11,000, 0.0310-இல் 13,000 என்று மொத்தம் 24,000 காயின் மிக மலிவாகப் போனது. 21:58-க்கு ஆஸ்க் பக்கத்தில், 0.0406 விலையில், 24,000 காயின் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் 766 USDT கொடுத்திருப்பார். 0.0406-இல் முழுவதும் விற்றால் 974 வரும். சுவரை எடுத்தவரும் அடியில் காத்திருந்தவரும் ஒருவர்தானா? எண்கள் பொருந்துகின்றன, ஆனால் இது ஆதாரம் ஆகாது. கணக்கு எண்களைப் பார்க்கக்கூடிய ஒரே இடம் எக்ஸ்சேஞ்ச். பதிவு முழுவதையும் இணைத்து அவர்களுக்கு எழுதினேன். ஆர்டரை ரத்து செய்வது எல்லாப் பயனர்களுக்கும் உள்ள உரிமை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. 24,000 பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

ஒரே எக்ஸ்சேஞ்ச் என்பதன் விளைவு

2017 ஜூன் 21 அன்று ஜிடாக்ஸ் எக்ஸ்சேஞ்சில் ஈதர் 300 டாலருக்கு மேலிருந்து நொடிகளில் 10 சென்ட் வரை போனது. பல மில்லியன் டாலர் மதிப்புள்ள ஒரு மார்க்கெட் ஆர்டர் விலையை 224 டாலர் வரை இறக்கியது. அது சுமார் 800 ஸ்டாப்-லாஸ்களையும் மார்ஜின் கணக்குகளின் கட்டாய விற்பனையையும் தூண்டிவிட, பிட்கள் எல்லாம் தீர்ந்துபோயின. எனக்கு நடந்ததும் அளவில் சிறிய அதே நிகழ்வுதான். ஆனால் ஈதர் அன்று பல எக்ஸ்சேஞ்சுகளில் விற்றுக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் விலை அப்படிச் சரியவில்லை. எனவே 10 சென்ட் என்பது தவறான விலை என்று எல்லோருக்கும் உடனே தெரிந்தது. விலை விரைவில் மீண்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் தன் பணத்திலிருந்து ஈடு செய்தது.

ஒரே இடத்தில் மட்டும் விற்கும் காயினுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு விலை கிடையாது. கடைசியாக நடந்த வர்த்தகம் எதுவோ அதுவே விலை. ஓரிடத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி இன்னோரிடத்தில் விற்பவர்கள்தான் பொதுவாக இத்தகைய பள்ளங்களை நிரப்புவார்கள். இங்கே அவர்களுக்கு வேலை இல்லை. பள்ளத்தின் அடியில் காத்திருக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ இருந்தால் போதும், எல்லாம் அவர்களுக்கே.

இப்போது நான் கணக்கிடும் முறை

வாங்கும் முன்பே விற்றுப் பார்க்கிறேன், காகிதத்தில். எத்தனை காயின் வாங்கப் போகிறேனோ அத்தனையையும் இப்போதுள்ள பிட்களில் கொட்டினால் சராசரி என்ன வரும்? அதற்கு முன் சுவர்களை நீக்கிவிடுகிறேன். எல்லா வரிகளின் நடு அளவை எடுத்து, அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் உள்ள வரி எதுவாயினும் அது இல்லை என்றே கொள்கிறேன். அது உண்மையான சுவராகவே இருக்கலாம். இருந்தால் எனக்கு லாபம், இல்லாவிட்டால் நஷ்டம் இல்லை.

```python
from statistics import median

def exit_avg(bids, qty):
    m = median(s for p, s in bids)
    left, got = qty, 0.0
    for p, s in bids:
        if s > 6 * m:
            continue
        take = min(left, s)
        got += take * p
        left -= take
        if left <= 0:
            return got / qty
    return None
```

மேலே காட்டிய புக்கில் நடு அளவு 5,000. ஆறு மடங்கு 30,000. சுவர் ஒன்று மட்டும் விலகும். மிச்சத்தில் 50,000 காயினை விற்றால் சராசரி 0.0382, அதாவது முதல் பிட்டிலிருந்து 9% கீழே. சுவரைச் சேர்த்துக் கணக்கிட்டால் 0.0412 வரும், 2%-கூட இல்லை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நான் ஒரு அந்நியரின் ஆர்டர்மேல் வைத்த நம்பிக்கையின் அளவு.

வெளியேறும்போது 3%-க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அதே புக்கில் அதிகபட்சம் 26,700 காயின்தான் தாங்கும். அதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நான் விற்க வேண்டிய நேரத்தில் மற்றவர்கள் எனக்கு முன்பே மேல் வரிகளைக் காலி செய்திருப்பார்கள். அன்று நடந்ததும் அதுதான்: என் ஸ்டாப் ஓடும்போது மேலே இருந்த 17,000 காயினும் ஏற்கெனவே போயிருந்தது. ஆக 13,000 காயின். நான் வைத்திருந்தது அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்த 3%, ஆறு மடங்கு, பாதி என்பவையெல்லாம் என் பொறுமைக்கு ஏற்ப நான் வைத்துக்கொண்டவை, யாரும் மாற்றிக்கொள்ளலாம். மேலும் பொய்ச் சுவரைப் பத்துத் துண்டாகப் பிரித்துப் பத்து விலைகளில் வைத்தால் இந்த வடிகட்டி அதைப் பிடிக்காது. அதற்குப் பதிவை ஓடவிட்டு, விலை நெருங்கும்போது அந்த வரிகள் சேர்ந்து விலகுகின்றனவா என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஸ்டாப்பையும் மாற்றிவிட்டேன். மார்க்கெட்டாக விற்கும் ஸ்டாப்பை மெலிந்த காயினில் இப்போது வைப்பதில்லை. குறித்த லிமிட் விலைக்குக் கீழே விற்காத ஸ்டாப்-லிமிட் மட்டுமே. அன்று 0.0408 ஸ்டாப், 0.0395 லிமிட் என்று வைத்திருந்தால் 0.0402-இல் 1,500 காயின் மட்டும் விற்றிருக்கும். மீதி 48,500 காயின் 0.0395-இல் ஆஸ்க்காக நின்றிருக்கும். என் ஆர்டர் படிக்கட்டில் இறங்காததால் 0.0310 என்ற விலையே சார்ட்டில் வந்திருக்காது. ஆனால் இதற்கும் விலை உண்டு. உண்மையாகவே மோசமான செய்தி வந்து விலை திரும்பாமல் போயிருந்தால், அந்த 48,500 காயினும் விற்காமல் என் கையிலேயே தங்கி, மதிப்பு கரைந்துகொண்டே போயிருக்கும். 0.0395-இல் அவ்வளவு பெரிய ஆஸ்க் நிற்பதைப் பார்த்தே மற்றவர்கள் விலகியிருக்கலாம், அப்போது என் ஆர்டரே அவர்களுக்கு ஒரு சுவர். 50,000 காயின் அந்தச் சந்தைக்கு எந்த ஆர்டர் வகையாலும் பொருந்தாத அளவு. 13,000-ஆக இருந்திருந்தால் சுவர் போன பிறகும் என் ஸ்டாப் 0.0362-இல் முடிந்திருக்கும்.

நேற்று அதே புக்கைத் திறந்து கணக்கிட்டேன். 2,40,000 காயின் சுவர் இன்னும் நிற்கிறது, முதல் பிட்டிலிருந்து பத்து டிக் தள்ளி. அதை நீக்கிப் பார்த்தால் 2%-க்குள் 430 USDT. என் முறைப்படி 9,000 காயின் வரைதான் வாங்கலாம். வாங்கவில்லை. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.